உதவிக்கு ஆள்…

பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் "பசசயமமள" என்று இருந்தது. பதின்மூன்றாவது "வண". அதற்கடுத்தது "மண".

உண்ணாமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். எண்பத்து நான்கு பெயர்களும் அப்படித்தான் இருந்தன. ஒரு புள்ளி இல்லை, ஒரு கால் இல்லை, ஒரு கொம்பு இல்லை. வெறும் எழுத்துகள் மட்டும் வரிசையாக நின்றன.

மலையைச் சுற்றிக் கிரிவலம் போகிற வழியான செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இரண்டாவது சந்தில் இருக்கிற ஒரு கெஸ்ட்ஹவுஸின் பின்பக்க அறையில் அவள் குடியிருந்தாள். நாற்பத்தொரு வயது. சென்னையில் ஒரு பாடநூல் அச்சகத்தில் பதினாறு வருஷம் மெய்ப்புப் பார்த்தவள். முதலில் கல்யாணம் முறிந்தது, பிறகு அச்சகம் மூடப்பட்டது. அண்ணன் வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள மனசில்லாமல் இங்கே வந்து மூன்று வருஷமாகிறது. முன்பக்க அறைகளில் மௌனத்தைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுப் போவார்கள். உண்ணாமலைக்கு அது தேடாமலே கிடைத்தது. சில நாள் சாயங்காலம் தயிர் வாங்கக் கடைக்குப் போய் வாயைத் திறக்கும்போதுதான், அன்றைக்குப் பேசுகிற முதல் வார்த்தை அது என்று அவளுக்குத் தெரியும்.

வேங்கிக்காலில் இரண்டு அறைகளில் இயங்கிவந்த கைத்தாங்கல் அறக்கட்டளை அவளை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. தனியாக வசிக்கிற அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி மாவட்டம் முழுக்க ஒரு கணக்கெடுப்பு. போனுக்கு ஒரு லிங்க் வரும், திறந்தால் தமிழில் இருபத்திரண்டு கேள்விகள். யாருக்கு யாருமே இல்லையோ, அவர்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு தன்னார்வலர் போவார். ஃபாரத்தில் உள்ள தமிழைச் சரிபார்ப்பது உண்ணாமலையின் வேலை. திங்கட்கிழமை பதினெட்டாயிரம் பேருக்கு லிங்க் போக வேண்டும். அதற்கு முன்னால், கீழ்பென்னாத்தூரில் எண்பத்து நான்கு பேரை வைத்துப் போன வாரம் ஒரு வெள்ளோட்டம் விட்டிருந்தார்கள். அதன் பட்டியல்தான் இப்போது அவள் முன்னால் இருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

ஃபாரத்தை உருவாக்கிய இளவரசன் சென்னையில் இருந்தான். அவனை அவள் பார்த்ததில்லை. குரல் மட்டும் பழக்கம். போன் போட்டாள்.

"இளவரசன், பேர் கட்டத்துக்கு ஏதாவது ஃபில்டர் வெச்சிருக்கீங்களா?"

"ஆமாக்கா. நம்பர், கமா, ஸ்மைலி எல்லாம் போட்றாங்கன்னு, எழுத்தை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததை நீக்கற மாதிரி வெச்சேன்."

"எழுத்துன்னா கம்ப்யூட்டருக்கு எது எழுத்து?"

அவன் யோசித்தான். "ஏ டு இசட். தமிழும் சேர்த்துதான்கா போட்டிருக்கேன். எல்லா மொழியோட எழுத்தும் அதுல வரும்."

"க வரும், ச வரும், அ வரும். ஆனா புள்ளியும், காலும், கொம்பும், சுழியும் அதோட கணக்குல எழுத்தே இல்ல. அதுங்க எழுத்தோட ஒட்டிக்கிற குறி. உங்க ஃபில்டர் அதையெல்லாம் குப்பைன்னு நினைச்சு கூட்டித் தள்ளிடுச்சு. பச்சையம்மாளோ யாரோ, பசசயமமள ஆயிட்டாங்க."

கொஞ்ச நேரம் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. "ஐயோ" என்றான். "நான் டெஸ்ட் பண்ணப்போ குமார்னு இங்கிலீஷ்லதான் அடிச்சுப் பார்த்தேன்."

"நானும் கேள்விங்களைப் படிச்சேனே ஒழிய, பதிலை நிரப்பி அது எப்படிப் போய்ச் சேருதுன்னு பாக்கல" என்றாள் உண்ணாமலை.

ஒரே வரி மாற்றம்தான். குறிகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் சரியானது. அவள் தன் பெயரை அடித்து அனுப்பினாள். உண்ணாமலை உண்ணாமலையாகவே போய்ச் சேர்ந்தது. சில கீபோர்டுகள் "கொ" என்பதற்குக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பும், பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் தேடினால் கிடைக்காது, உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள் என்றும் சொன்னாள். அதையும் செய்தான்.

ஆனால் ஏற்கெனவே சேர்ந்த எண்பத்து நான்கு பெயர்களைத் திரும்பப் பெற வழியில்லை. கழித்துக்கட்டியதை எங்கேயும் சேமித்து வைக்கவில்லை. "வண" என்பது வேணுவா, வாணியா, வீணாவா?

அறக்கட்டளையின் நிர்வாகி சக்கரபாணி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன் நம்பர் இருக்குதில்லைங்க மேடம், கூப்ட்டு கேட்டுடுங்க. தலைபோற காரியம் இல்ல."

மத்தியானத்துக்கு முன் ஆரம்பித்தாள். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள், "பலராமன்" என்றார். பிறகு, "இன்னும் வேற எதுனா கேக்கணுமா?" என்றார்.

"இல்லைங்கய்யா, பேர் மட்டும்தான்."

"நாலு நாளா இந்த போன் அடிக்கவே இல்ல. ரிப்பேரோன்னு நெனச்சேன். சரி, வெச்சிடறேன்."

அவர் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி கடகடவென்று ஓடுவது கேட்டது. "நெலக்கடலை இந்த தபா சுமார்தான்" என்றார். அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் அவள், "மழை கம்மிங்களா?" என்று கேட்டாள். பதினோரு நிமிஷம் பேசினார்கள்.

பன்னிரண்டாவது எண்ணை அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"அம்மா, கைத்தாங்கல்லேர்ந்து பேசறேன். போன வாரம் போன்ல ஒரு ஃபாரம் நிரப்பினீங்களே…"

"ஆமா. இன்னா, தப்பா போட்டுட்டேனா?"

"இல்லம்மா, தப்பு எங்க பக்கம்தான். உங்க பேரை ஒரு தரம் சொல்லுங்க."

"பச்சையம்மாள். கடைசில ள் போடணும், ல் இல்ல. அங்கன்வாடில இருபத்திரண்டு வருஷம் ஆயாவா இருந்தேன். நான் எழுதினா தப்பு வராது."

உண்ணாமலை சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் அந்த அறையில் அவளுக்கே புதிதாக இருந்தது. பேச்சு வளர்ந்தது. மகன் ஓசூரில் வேலையாக இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு தரம் வருவான். போன மாசம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததைப் பச்சையம்மாள் சாதாரணமாகச் சொன்னாள். "காத்தால விழுந்தேன். எழுந்துக்க முடியல. சாயங்காலம் பால்காரன் வந்து கூப்ட்டுப் பாத்துட்டு உள்ள வந்தான். அதுவரைக்கும் அப்படியே கெடந்தேன்."

உண்ணாமலையின் கண், திரையில் அந்த அம்மாளின் ஒன்பதாவது பதிலில் போய் நின்றது. கேள்வி: உடம்புக்கு முடியாமல் போனால்? பதில்: உதவிக்கு ஆள் உண்டு.

"அம்மா, உதவிக்கு ஆள் உண்டுன்னு போட்டிருக்கீங்களே?"

"நானா? நான் எதுக்கு அப்படிப் போடப் போறேன்? யாரு கீறாங்க இங்க?"

போனை வைத்ததும் அவள் ஒன்பதாவது கேள்வியை மட்டும் எண்ணிப் பார்த்தாள். எண்பத்து நான்கில் எழுபத்தொன்பது பேர் "உண்டு". போன வாரக் கூட்டத்தில் சக்கரபாணி இந்த எண்ணைத்தான் சொல்லிச் சந்தோஷப்பட்டார். "பாருங்க, நம்ம பக்கம் இன்னும் மனுஷங்க மனுஷங்களா இருக்காங்க" என்று. அவளும் தலையாட்டியிருந்தாள்.

அடுத்துப் பேசிய ஆறு பேரிடமும் பெயரோடு அதையும் கேட்டாள். ஐந்து பேர், ஆள் யாரும் இல்லை என்றார்கள். ஐந்து பேருடைய பதிலும் பட்டியலில் "உண்டு".

தன் போனில் ஃபாரத்தைத் திறந்து பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒன்பதாவது கேள்விக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். உதவிக்கு ஆள் உண்டு. உதவிக்கு ஆள் இல்லை. எழுத்து பொத்தானின் ஓரம்வரை வந்து, ஆனால் உள்ளேயே நின்றது. இதே போனில்தான் அவள் இருபது தரம் பார்த்திருக்கிறாள். இளவரசனுக்கும் ஒன்றும் புரியவில்லை. "என் போன்லயும் கரெக்டாதான்கா இருக்கு."

சனிக்கிழமை காலை பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனாள்.

பச்சையம்மாள் வீடு கடைத்தெருவிலிருந்து கொஞ்சம் உள்ளே, சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. வாசலில் ஒரு ஜோடி செருப்பு. ஒல்லியாக, நிமிர்ந்த நடையோடு அறுபத்தேழு வயது அம்மாள் ஒருத்தி வந்து, "போன்ல கொரல் கேட்டா சின்னப் பொண்ணுன்னு நெனச்சேன்" என்றாள்.

உண்ணாமலை அவளுடைய போனை வாங்கிப் பார்த்தாள். மகன் கொடுத்த பழைய போன், சின்னத் திரை. அதில் எழுத்துகள் எல்லாம் கொட்டைப் பாக்கு அளவுக்கு இருந்தன.

"கண்ணு சரியா தெரியல. பசங்க யாரோ பெருசா வெச்சுக் குடுத்தாங்க" என்றாள் பச்சையம்மாள்.

லிங்க்கைத் திறந்தார்கள். முதலில் வெள்ளைத் திரை. எழுத்தே இல்லை. இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் கேள்விகள் தோன்றின. இளவரசன் அழகுக்காக வைத்த எழுத்துரு இணையத்திலிருந்து இறங்குகிறவரை போன் காத்திருந்திருக்கிறது. அதைக் குறித்துக்கொண்டாள். கேள்வி ஒன்று, இரண்டு, மூன்று என்று பச்சையம்மாள் வாய்விட்டுப் படித்தபடியே போனாள். ஒன்பதாவது வந்தது.

உண்ணாமலை குனிந்து பார்த்தாள். இடதுபுறப் பொத்தானில், "உதவிக்கு ஆள்…". வலதுபுறப் பொத்தானில், "உதவிக்கு ஆள்…".

இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. பெரிய எழுத்து உள்ளே அடங்காததால், மிச்சத்தை வெட்டி மூன்று புள்ளி வைத்து முடித்திருந்தது பொத்தான்.

"அன்னிக்கும் இப்படித்தாம்மா இருந்துதா?"

"ஆமா. ரெண்டும் ஒண்ணாவே இருந்துச்சு. எதை அமுக்கினா இன்னான்னு மொதல்ல இருக்கறதை அமுக்கினேன்." பிறகு அவள் முகம் மாறியது. "ஏன், அதுல வேற எதுனா எழுதியிருந்துச்சா?"

"ஒண்ணுல உண்டு. இன்னொண்ணுல இல்லை."

பச்சையம்மாள் போனைத் திரும்ப வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ எனக்கு ஆள் இருக்குதுன்னு உங்க ஆபீசுல எழுதி வெச்சுக்கினு, ஒருத்தரும் வந்திருக்க மாட்டீங்க" என்றாள். அதில் கோபம் இல்லை. அங்கன்வாடியில் வருகைப் பதிவேட்டைப் படிக்கிறவள் மாதிரி சொன்னாள்.

பதினாறு வருஷமாகப் பிறர் விட்ட புள்ளியைத் தேடிப் போட்டவள் உண்ணாமலை. தான் பார்த்த போனில் சரியாக இருந்தால் எல்லாப் போனிலும் சரியாக இருக்கும் என்று எப்படி நினைத்தாள்? பெரிய எழுத்து வேண்டியிருக்கிற வயசுக்காரர்களுக்கென்றே போட்ட ஃபாரத்தைப் பெரிய எழுத்தில் ஒரு தரம்கூட வைத்துப் பார்க்கவில்லை.

திரையைப் படம் எடுத்து சக்கரபாணிக்கும் இளவரசனுக்கும் அனுப்பினாள். சக்கரபாணி உடனே கூப்பிட்டார்.

"மேடம், திங்கட்கிழமைக்கு எல்லாம் ரெடி. தன்னார்வலருங்களுக்குச் சொல்லியாச்சு. சின்ன விஷயத்துக்கு நிறுத்த முடியுங்களா? ஓட விட்டுட்டு பின்னால சரி பண்ணிக்கலாம்."

"பின்னால எப்படி சார் சரி பண்றது? தப்பா அமுக்கினவங்க வந்து, நான் தப்பா அமுக்கிட்டேன்னு சொல்ல மாட்டாங்க. உதவி உண்டுன்னு வந்தா நீங்க அந்த வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டீங்க. யாருமே இல்லாதவங்கதான் மொத்தமா விட்டுப்போவாங்க."

"எல்லாருமா பெரிய எழுத்து வெச்சிருப்பாங்க?"

"நான் இப்ப ஒரு அம்மா வீட்ல உக்காந்திருக்கேன் சார். போன மாசம் இவங்க விழுந்து ஒரு பகல் முழுக்கத் தரையில கிடந்திருக்காங்க. நம்ம லிஸ்ட்ல இவங்களுக்கு உதவி உண்டு."

அவள் தன் வாழ்க்கையில் யாரிடமும் இப்படிக் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

"நாளைக்கு ஒரு நாள்" என்றார் சக்கரபாணி கடைசியில். "உண்மையான போன்ல, உண்மையான ஆளுங்களை வெச்சுப் பாருங்க. நானும் வரேன். அப்புறம் முடிவு பண்ணலாம்."

ஞாயிற்றுக்கிழமை பச்சையம்மாள் வீட்டிலேயே கூடினார்கள். பெயர் கேட்டுப் போனில் பேசியவர்களையே உண்ணாமலை மறுபடியும் அழைத்திருந்தாள். பதினொரு பேர் வந்தார்கள். பலராமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்து வந்தார். ஆராயி என்ற அம்மாளுடைய போனில் திரை விரிசல் விட்டிருந்தது. பச்சையம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்த ஊட்ல இத்தன செருப்பைப் பார்த்து ஆறு வருஷம் ஆவுது" என்றாள்.

இளவரசன் வீடியோவில் வந்தான். உண்ணாமலை அவன் முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். தாடியும் தூக்கக் கலக்கமுமாக இருந்தான். அவள் ஒவ்வொரு போனாக எடுத்து அவனுக்குக் காட்டினாள். ஏழு போன்களில் இரண்டு பொத்தான்களும் ஒன்றாகவே தெரிந்தன. சக்கரபாணி அந்த ஏழு போன்களையும் தன் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இங்கிலீஷ்ல யெஸ்ஸும் நோவும் முதல் வார்த்தையா வரும்" என்றாள் உண்ணாமலை. "தமிழ்ல இல்லைன்றது கடைசிலதான் வருது. வாலை வெட்டினா நமக்கு அர்த்தமே போயிடும். எந்தப் பொத்தான்லயும் வெட்டாதீங்க, இளவரசன். இடம் பத்தலைன்னா அடுத்த வரிக்குப் போகட்டும்."

அவன் பொத்தான்களை ஒன்றின்கீழ் ஒன்றாக, திரையின் முழு அகலத்துக்கு மாற்றினான். அவள் வாசகத்தை மாற்றினாள்: "உண்டு, உதவிக்கு ஆள் இருக்கிறார்கள்." "இல்லை, எனக்கு யாரும் இல்லை." அழகுக்காக வைத்த எழுத்துருவை எடுத்துவிட்டு, போனில் இருக்கிற எழுத்துருவையே பயன்படுத்தச் சொன்னாள். வெள்ளைத் திரை போயிற்று. ஆராயி போனில் "கி"யின் மேல் வளைவைப் பொத்தானின் விளிம்பு சீவிவிட்டது. வரிக்கு வரி இடைவெளியைக் கூட்டினார்கள். போன தரம் யாரோ ஒரு பையன் பெயரை அடித்துக் கொடுத்திருந்தான்; இந்தத் தரம் பலராமன் தானே மைக்கில் பேசினார். "பலராமன்" என்று சரியாக வந்து விழுந்ததும், "அட, என் பேரு!" என்றார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதினொரு போனிலும் மறுபடி முதலிலிருந்து. பச்சையம்மாள் மூன்று தரம் டீ போட்டாள்.

எல்லாம் முடிந்ததும் அவர்கள் உண்மையாகவே ஒருமுறை நிரப்பினார்கள். யாரும் யாரிடமும் காட்டவில்லை. ஆராயி மட்டும் ஒன்பதாவது கேள்வியில் விரலைத் தூக்கியபடியே ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு கீழே இருந்த பொத்தானை அமுக்கிவிட்டுப் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரம் தள்ளிடலாம்" என்றார் சக்கரபாணி, செருப்பை மாட்டும்போது. "எண்பத்து நாலு பேரையும் மறுபடி நிரப்பச் சொல்லுங்க."

மறுபடி நிரப்பியதில் "இல்லை" என்றவர்கள் ஐம்பத்தாறு பேர். சக்கரபாணி அந்த எண்ணை எந்தக் கூட்டத்திலும் சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஆனால் கீழ்பென்னாத்தூருக்கு மட்டும் தன்னார்வலர்களை இரண்டு மடங்காக்கினார்.

அடுத்த திங்கட்கிழமை பதினெட்டாயிரம் பேருக்கும் லிங்க் போனது. உண்ணாமலையின் ஒப்பந்தம் அதோடு முடிந்தது. வாட்ஸப் குழுவில் இளவரசன், "தேங்க்ஸ் அக்கா, நிறைய கத்துக்கிட்டேன்" என்று போட்டான். பிறகு அதில் யாரும் எதுவும் போடவில்லை.

ஆனால் பச்சையம்மாள் தினமும் மத்தியானம் மூன்று மணி வாக்கில் போன் செய்தாள். விசேஷமாக ஒன்றும் இருக்காது. என்ன குழம்பு, எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, பக்கத்து நிலத்தில் யார் உழுகிறார்கள். உண்ணாமலையும் தன் பக்கத்துச் செய்திகளைச் சொல்வாள். முன் அறையில் புதிதாக வந்தவர் தினமும் துளசிச் செடியிடம் பேசுகிறார் என்று சொன்னபோது, "அதுக்காவது வாய் தொறக்கறாரே" என்றாள் பச்சையம்மாள். இரண்டே முக்கால் ஆனதும் உண்ணாமலை சார்ஜரிலிருந்து போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. மணி மூன்று பத்துக்கு அழைப்பு வந்தது.

"உண்ணாமலை, உங்க ஆபீசுலேர்ந்து ஒரு பொண்ணு வருது. பேரு கீர்த்தனா. போன வியாழக்கெழம வந்துச்சு. பாத்ரூமுக்குப் பிடிமானம் போட ஆள் கூட்டாந்துச்சு. தங்கமான பொண்ணு. காலேஜ் லீவாம், ஞாயித்துக்கெழம வரைக்கும் தெனமும் மத்தியானம் வரேன்னுது."

"நல்லதும்மா. எனக்கு ரொம்ப சந்தோஷம்."

"எல்லாம் உன்னாலதான்." அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தமும், "பாட்டி" என்று ஒரு குரலும் கேட்டன. "இதோ, அந்தப் பொண்ணு வந்துடுச்சு. வெச்சிடறேன், இன்னா?"

"சரிம்மா."

அவள் சந்தோஷம் என்று சொன்னது பொய்யில்லை. ஒரு பொத்தான் சரியான இடத்தில் வார்த்தையைக் காட்டியதால், ஒரு பிள்ளை அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறது. இதைவிடப் பெரிய வேலை எதையும் அவள் செய்ததில்லை.

மறுநாள் மூன்று மணிக்குப் போன் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானே கூப்பிடலாமா என்று போனை எடுத்தாள். அந்தப் பெண் பக்கத்தில் இருந்து, பேச்சை நடுவில் நிறுத்த வேண்டி வந்தால்? போனைக் கீழே வைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். செங்கம் ரோட்டில் கிரிவலம் போகிறவர்கள் இரண்டு பேர், மூன்று பேராகப் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றாள். பிறகு அவளும் அதே திசையில், கொஞ்சம் பின்னால், நடக்க ஆரம்பித்தாள்.